அயர்ன் பாக்ஸ் மெதுவாகச் சூடாகிறது: மீட்டரில் எப்படிப் பார்ப்பது?

“1000 வாட் அயர்ன் பாக்ஸ் சூடேற அரை மணி நேரம் ஆகிறது, சில நாள் சூடே ஆவதில்லை. மீட்டர் இருக்கிறது, எங்கே வைத்துப் பார்ப்பது?”

விட்டுவிட்டு வேலை செய்வதால் எலிமெண்ட் மேல் எனக்குச் சந்தேகம் குறைவு. அது அறுந்தால் பெரும்பாலும் ஒரேயடியாக நின்றுவிடும்.

முதலில் பிளக்கைக் கழற்றி, பெட்டியை நன்றாக ஆறவிடுங்கள். தெர்மோஸ்டாட் குமிழை அதிகபட்சத்தில் வைத்து, மீட்டரை 200 ஓம்ஸில் போட்டு, பிளக்கின் இரண்டு சின்ன பின்களில் வையுங்கள். சுமார் 53 ஓம்ஸ் வரவேண்டும். அப்படியே வயரைப் பெட்டிக்குள் நுழையும் கழுத்தருகே வளைத்துப் பாருங்கள். எண் குதித்தால் உள்ளே இழைகள் அறுந்திருக்கின்றன. வயரை மாற்றுங்கள், டேப் சுற்றாதீர்கள்.

எண் அசையவில்லை, ஆனால் 53-ஐவிட நிறைய அதிகம் என்றால் மூடியைத் திறந்து தெர்மோஸ்டாட்டின் இரு முனைகளில் வையுங்கள். கிட்டத்தட்ட பூஜ்யம் காட்டவேண்டும். பத்து, இருபது ஓம்ஸ் காட்டினால் தொடுமுனை கருகியிருக்கும். மெல்லிய உப்புத்தாளை நடுவில் வைத்து லேசாக இழுத்தால் கரி போகும். குழி விழுந்திருந்தால் புதிதுதான் போடவேண்டும்.

அப்புறம், மூடிய பிறகு எர்த் பின்னுக்கும் அடித்தகட்டுக்கும் இடையே பூஜ்யத்தை ஒட்டி வரவேண்டும். பிறகு மீட்டரை அதிகபட்ச ஓம்ஸ் அளவுக்கு மாற்றி வைத்தால், சின்ன பின்களுக்கும் தகட்டுக்கும் இடையே எந்த அளவும் காட்டக்கூடாது. காட்டினால் கரண்ட் கொடுக்கவே வேண்டாம்.