ஊர் சேமிப்புக் கணக்கை ஏன் என்.ஆர்.ஓ.வாக மாற்ற வேண்டும்?

"அண்ணா, நவம்பரில் வேலைக்காகத் துபாய் வந்தேன். ஊரில் அப்பாவோடு சேர்ந்து ஒரு சேமிப்புக் கணக்கு இருக்கிறது. சம்பளத்தில் மிச்சமாவதை அதிலேயே போடுகிறேன். அதை என்.ஆர்.ஐ. கணக்காக மாற்று என்கிறார்கள். 182 நாள் ஆன பிறகுதான் நான் என்.ஆர்.ஐ. என்று ரூம்மேட் சொல்கிறார். அதுவரை காத்திருக்கலாமா?"

காத்திருக்க வேண்டாம், தம்பி. உங்கள் ரூம்மேட் சொல்லும் 182 நாள், ஒரு நிதியாண்டில் நீங்கள் இந்தியாவில் எத்தனை நாள் இருந்தீர்கள் என்று பார்க்கும் வருமான வரிச் சட்டத்தின் கணக்கு. வங்கிக் கணக்கை ஆள்வது ஃபெமா எனப்படும் 1999ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டம். வெளிநாட்டில் வேலை பார்க்க நாட்டை விட்டுக் கிளம்பியவர், கிளம்பிய நாளிலிருந்தே அந்தச் சட்டத்தின் பார்வையில் வெளிநாட்டு வாசிதான். சாதாரண சேமிப்புக் கணக்கு என்பது இந்தியாவில் குடியிருப்பவருக்கானது. அந்தத் தகுதி போனதும், இருக்கிற கணக்கை, வெளிநாட்டு வாசியின் இந்தியப் பணத்துக்கான என்.ஆர்.ஓ. கணக்காக மாற்றச் சொல்கிறது ரிசர்வ் வங்கியின் விதி.

இரண்டு சட்டமும் ஒரே ஆளை ஒரே நேரத்தில் இரண்டு விதமாகப் பார்க்கும். உங்களையே எடுத்துக்கொள்ளுங்கள். ஏப்ரலிலிருந்து நவம்பர் வரை ஊரில் இருந்திருக்கிறீர்கள், 182 நாள் தாண்டிவிட்டது. அதனால் இந்த நிதியாண்டுக்கு வருமான வரியில் நீங்கள் இந்தியவாசி. மார்ச் வரை துபாயில் வாங்கும் சம்பளத்தையும் ரிட்டர்னில் காட்ட வேண்டியிருக்கும். பலரும் இதைக் கோட்டை விடுகிறார்கள். ஆனால் வங்கிக்கு நீங்கள் நவம்பரிலேயே என்.ஆர்.ஐ.

மாற்றாமல் விட்டால் உடனே யாரும் கதவைத் தட்ட மாட்டார்கள். சட்டத்தில் அபராதம் கடுமையாகத்தான் எழுதியிருக்கிறது: தொகை கணக்கிட முடிந்தால் அதைப்போல் மூன்று மடங்கு வரை, முடியாவிட்டால் 2 லட்சம் ரூபாய் வரை, தொடர்ந்து மீறினால் நாளொன்றுக்கு 5,000 வரை. நடைமுறையில் முதலில் வருவது வேறு தொல்லை. கே.ஒய்.சி. புதுப்பிக்கச் சொல்வார்கள், வரிக்கு நீங்கள் எந்த நாட்டு வாசி என்று உறுதிமொழி கேட்பார்கள். வரியிலும் என்.ஆர்.ஐ. ஆனபின் அங்கே 'இந்தியா மட்டும்' என்று டிக் போட்டால் பொய். உண்மையைச் சொன்னால், ஏன் இன்னும் ரெசிடென்ட் கணக்கு வைத்திருக்கிறீர்கள் என்ற கேள்வி வரும். பதில் போகும்வரை பரிவர்த்தனையை நிறுத்தி வைத்துவிடுவதும் உண்டு. என் நண்பர் ஒருவருக்கு அப்படி ஆனது, வீட்டுக்கடன் இ.எம்.ஐ. போக வேண்டிய வாரத்தில்.

இன்னொரு பெரிய காரணம், பணத்தை இங்கே துபாய்க்குத் திருப்பிக் கொண்டுவருவது. பழைய கணக்கில் போட்ட பணம் நாளைக்கு இங்கே தேவைப்பட்டால் எப்படி எடுப்பீர்கள்? வங்கி செயலியில் 'வெளிநாட்டுக்கு அனுப்பு' என்று இருக்கிறதே என்பீர்கள். ஆண்டுக்கு 2,50,000 டாலர் வரை அனுப்பும் அந்த வசதி இந்தியவாசிகளுக்கு மட்டும். நீங்கள் அதைப் பயன்படுத்தினால் இரண்டாவது மீறல். என்.ஆர்.ஓ.விலிருந்து ஒரு நிதியாண்டுக்கு 10 லட்சம் டாலர் வரை அனுப்பலாம். ஆனால் பணம் எப்படி வந்தது, வரி கட்டியாயிற்றா என்று காட்ட வேண்டும். பணம் வெளியே போவதை வரித்துறைக்கு அறிவிக்கும் படிவம், தொகையைப் பொறுத்து ஆடிட்டர் சான்று என்று அலைச்சல் உண்டு. எக்ஸ்சேஞ்ச் ஹவுஸில் திர்ஹாமாகக் கட்டிய அதே பணத்துக்கு இத்தனை பேப்பர்!

அதனால்தான் இரண்டு கணக்கு வைத்துக்கொள்ளச் சொல்வது. பழையதை என்.ஆர்.ஓ. ஆக்குங்கள்: ஊர் வாடகை, பழைய டெபாசிட், பி.எஃப். பணம் போன்றவை அதில் வரட்டும். இங்கே சம்பாதிப்பதை அனுப்ப, புதிதாக ஒரு என்.ஆர்.இ. கணக்கு திறங்கள். அதிலிருந்து அசலும் வட்டியும் எப்போது வேண்டுமானாலும் தடையின்றித் திரும்பி வரும். பழைய சேமிப்புக் கணக்கை நேராக என்.ஆர்.இ. ஆக்க முடியாது, அதில் இருப்பது இந்தியாவில் சேர்ந்த ரூபாய்.

வட்டியில் வித்தியாசம் பார்த்தால் உங்களுக்கே புரியும். 10 லட்சம் ரூபாய், 7 சதவீதத்தில் ஓராண்டு டெபாசிட், வட்டி 70,000 என்று வைத்துக்கொள்வோம். என்.ஆர்.இ.யில் போட்டிருந்தால் 70,000-மும் உங்களுக்கே, இந்தியாவில் வரி இல்லை. அந்த விலக்கு ஃபெமா நிலையைப் பார்த்துத்தான் தருகிறார்கள், 182 நாள் கணக்கைப் பார்த்து அல்ல. என்.ஆர்.ஓ.வில் போட்டால் வங்கி 31.2 சதவீதம், அதாவது 21,840 ரூபாய், பிடித்துக்கொண்டு மீதியைத்தான் தரும். வரியிலும் நீங்கள் என்.ஆர்.ஐ. ஆனபின், இந்தியாவில் உங்களுக்கு வேறு வருமானம் இல்லையென்றால் ரிட்டர்ன் போட்டு முழுதும் திரும்ப வாங்கலாம். காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். துபாயில் வரிவாசிச் சான்று வாங்கி வங்கியில் கொடுத்தால், இந்தியாவும் எமிரேட்ஸும் செய்துள்ள வரி ஒப்பந்தப்படி 12.5 சதவீதத்தோடு நிறுத்தவும் வழி உண்டு.

சிலர் பழைய ரெசிடென்ட் கணக்கை அப்படியே விட்டு, வட்டியில் வரி பிடிக்காதிருக்க வங்கியில் உறுதிமொழிப் படிவம் கொடுக்கிறார்கள். அது வருமான வரியில் இந்தியவாசியாக இருப்பவர்களுக்கானது. வரியிலும் என்.ஆர்.ஐ. ஆனபின் நீங்கள் கையெழுத்துப் போட்டால் அதுவும் பொய்ச் சாட்சிதான். பிடிக்காமல் விட்ட வரியை மிச்சம் என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

இப்போது அப்பா விஷயம். கூட்டுக் கணக்கில் 'இருவரில் யாரேனும் ஒருவர்' என்ற முறை இருக்கும். என்.ஆர்.ஓ. ஆனபின் இந்தியவாசியோடு அந்த முறை நடக்காது. 'முதலாமவர், அவருக்குப் பின் மற்றவர்' என்றுதான் இருக்கலாம். அதாவது நீங்கள் முதல் பெயர் என்றால், நீங்கள் இருக்கும்வரை அப்பா கூட்டாளியாக மட்டுமே இருப்பார், தானாகப் பணம் எடுக்க முடியாது. அவர் மாதச் செலவுக்கு எடுத்துக்கொண்டிருந்தால் அடுத்த மாதமே சிக்கல். இதற்கு இரண்டு வழி. அப்பாவை முதல் பெயராக வைத்து அவருக்குச் சேமிப்புக் கணக்கு இருந்தால், அது அவருடைய ரெசிடென்ட் கணக்கு. நெருங்கிய உறவினரான உங்கள் பெயரை அதில் இரண்டாவதாகச் சேர்க்க அனுமதி உண்டு. ஆனால் அதில் இருப்பது அவர் பணமாக இருக்க வேண்டும், உங்கள் சம்பளத்தை அடைக்கிற இடம் அல்ல. அப்பாவுக்கு என்று அனுப்புகிற பணம் அவர் கணக்குக்குப் போகலாம். இல்லையென்றால் உங்கள் என்.ஆர்.ஓ. கணக்கை உள்ளூர்ச் செலவுக்குக் கையாள அவருக்கு வங்கி முறைப்படி அதிகாரம் எழுதிக் கொடுங்கள்.

வேலை பெரிதில்லை. பாஸ்போர்ட், விசாப் பக்கம், எமிரேட்ஸ் ஐடி, பான், இங்குள்ள முகவரிச் சான்று. ஒவ்வொன்றிலும் உங்கள் கையெழுத்து. விடுமுறையில் ஊருக்குப் போகும்போது கிளைக்கு நேரில் போவதுதான் சுலபம், ஆனால் அதுவரை தள்ளிப் போடாதீர்கள். பல வங்கிகள் இங்கிருந்தே தபாலில் வாங்கிக்கொள்கின்றன. அப்போது நகல்களுக்குத் தூதரகம் அல்லது நோட்டரி சான்று கேட்பார்கள்.

கிளையில் ஒன்றைத் தவறாமல் கேளுங்கள்: கணக்கு எண் மாறுமா? மாறினால் இ.எம்.ஐ., எஸ்.ஐ.பி., இன்சூரன்ஸ் எல்லாவற்றின் ஆட்டோ டெபிட்டையும் புது எண்ணில் மறுபடி பதிய வேண்டும். யு.பி.ஐ.யையும் புதிதாகப் பதிய வேண்டி வரலாம். எஸ்.ஐ.பி.க்கு ஃபண்ட் கம்பெனியிலும் உங்கள் நிலையை என்.ஆர்.ஐ. என்று மாற்றுங்கள். இருக்கிற டெபாசிட்டை உடைக்க வேண்டியதில்லை, அதே வட்டியோடு முதிர்வுவரை ஓடும். வேலை முடிந்து நிரந்தரமாக ஊர் திரும்பினால், அன்று மறுபடி வங்கிக்குச் சொல்லி ரெசிடென்ட் ஆக்கிக்கொள்ளலாம்.