55 வயதில் கைக்கு வரும் பணம்

கேள்வி: செம்பனைத் தோட்டத்தில் வேலை. அடுத்த மாதம் 55 ஆகிறது. ஈபிஎஃப்பில் 86,000 வெள்ளி இருக்கிறது. கிள்ளானில் வீடு வாங்க மகன் முன்பணம் கேட்கிறான், கடைசிவரை நான் பார்த்துக்கொள்கிறேன் என்கிறான். மொத்தமாக எடுத்துக் கொடுத்துவிடலாமா?
- வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: மொத்தமாக வேண்டாம் அம்மா. உங்கள் மகன் நல்லவன் என்றே வைத்துக்கொண்டுதான் சொல்கிறேன்.

என் அத்தையும் இப்படித்தான் எடுத்துக் கொடுத்தார். அவர் மகனும் தங்கமான பையன். 2020இல் வேலை போனது, வீட்டுக் கடனும் கார் கடனும் நிற்கவில்லை, அம்மாவுக்குக் கொடுத்துவந்த 300 வெள்ளி மட்டும் நின்றது. கிளினிக் போக மருமகளிடம் பத்து வெள்ளி கேட்பதற்கு முன் அத்தை சமையலறை வாசலில் சும்மா நின்றுகொண்டிருப்பார். அதை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் குளியலறையில் அவர் வழுக்கி விழுந்த இரவில் தூக்கிக்கொண்டு ஓடியதும், பெரிய ஆஸ்பத்திரியில் விடிய விடிய உட்கார்ந்திருந்ததும் அதே மகன்தான். எந்த சேமநிதியும் அதைச் செய்யாது. அதனால் பிள்ளையை நம்பாதீர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. அவனால் முடிவதையும் முடியாததையும் பிரித்துப் பாருங்கள் என்கிறேன்.

55இல் எல்லாவற்றையும் எடுத்தே ஆக வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள், அப்படி இல்லை. விட்டுவைக்கலாம், 100 வயது வரை லாப ஈவு சேரும், வேண்டியபோது வேண்டிய அளவு எடுக்கலாம், மாதா மாதம் வங்கிக்கு அனுப்பவும் சொல்லலாம். மகனுக்கு 16,000 கொடுங்கள். மீதி 70,000. மாதம் 500 எடுத்தால், லாப ஈவே இல்லாவிட்டாலும் பதினொன்றரை வருடத்துக்கு மேல் வரும். சட்டம் உறுதி தரும் 2.5 விழுக்காடு மட்டும் கிடைத்தால் 13 வருடம் தாண்டும், 5 விழுக்காடு கிடைத்தால் ஏறக்குறைய 17. வேலையில் 60 வரை இருப்பீர்கள் என்றால் அதுவரை தொடாதீர்கள், இன்னும் நீளும். 55க்குப் பிறகு சம்பளத்தில் பிடிப்பது தனிக் கணக்கில் சேரும், அதை 60 வரை எடுக்க முடியாது, அதுவும் நல்லதுதான்.

ஒன்றை மறைக்கக் கூடாது. இது அரசு ஊழியருக்கு வருகிற பென்ஷன் மாதிரி சாகும்வரை வராது, தீர்ந்துபோகும். விலைவாசி ஏற ஏற இன்றைய 500 அன்றைக்குச் சின்னதாகிவிடும். வேலை முடிந்ததும் தோட்டத்து வீட்டையும் காலி செய்ய வேண்டியிருக்கும், அப்புறம் தனி வாடகைக்கு இந்தப் பணம் போதாது. அங்கேதான் மகன் வேண்டும்: தங்க ஓர் அறை, ஆஸ்பத்திரிக்குத் துணை. அரிசிக்கும் மருந்துக்கும் பஸ்ஸுக்கும் உங்கள் பணம்.

கணக்கில் மகனை நியமனதாரராகப் போட்டிருக்கிறீர்களா என்று ஈபிஎஃப் அலுவலகத்தில் பார்த்துவிடுங்கள். உங்களுக்குப் பிறகு மிச்சம் இருப்பது அலைச்சலில்லாமல் அவனுக்கே போகும். கையெழுத்துப் போடுவதற்கு முன் இதை அவனிடமும் சொல்லுங்கள்.