முதல் வருட வேகம் எங்கே போனது? இன்ஸ்டாகிராம் கேள்வி-பதில்

ஒரு வருடம் நன்றாக வளர்ந்தது. இப்போது நின்றுவிட்டது. என்ன காரணம்?

கடிதமே அவ்வளவுதான். என்ன மாதிரிக் கணக்கு, எத்தனை ஃபாலோயர், எப்போதிலிருந்து நின்றது, ஒன்றுமே இல்லை. மொத்த ஃபாலோயர் எண்ணை மட்டும் வைத்து யாராலும் எதுவும் சொல்ல முடியாது. Insights-க்குள் போய் ஃபாலோயர் பகுதியைத் திறந்தால், Follows, Unfollows என்று சேர்ந்தவரும் விலகியவரும் தனித்தனியாக வருவார்கள். அந்த இரண்டையும் மூன்று மாதத்துக்கு எழுதி அனுப்புங்கள். ஃபாலோ செய்யாதவர்களிடம் போன ரீச், ப்ரொஃபைலைப் பார்த்தவர் எண்ணிக்கை, இவையும் வேண்டும். ஆப்பில் சுமார் 90 நாள் வரைதான் பின்னோக்கிப் பார்க்கலாம் என்பதால் மாதக் கடைசியில் ஒரு நோட்டில் குறித்துவைப்பது நல்லது.

போட்டோகிராபி டிப்ஸ் கணக்கு வைத்திருக்கிறேன். முதல் வருட முடிவில் 24 ஆயிரம் ஃபாலோயர். அதற்குப் பிறகு நான்கு மாதமாக அதே 24 ஆயிரம். உழைப்பில் குறை வைக்கவில்லை. அல்காரிதம் என்னை முடக்கிவிட்டதா?

இல்லை. அல்காரிதத்தின் மேல் பழி போடும் கடிதங்களைப் படித்துப் படித்து எனக்கு அலுத்துவிட்டது. ஆனால் இவர் கேட்காமலே எண்களையும் அனுப்பியிருக்கிறார், அதனால் விரிவாகவே பார்ப்போம்.

மாதம் சுமார் 1,200 பேர் புதிதாகச் சேர்கிறார்கள். முதல் வருடத்திலும் வைரல் மாதங்களைத் தள்ளிவிட்டால் இதே அளவுதான். ஆக, வரவு குறையவில்லை. ஆனால் கடைசி மூன்று மாதத்தில் விலகியவர்கள் 1,250, 1,200, 1,200. அதாவது இருப்பவர்களில் மாதம் 5 சதவீதம் பேர் வெளியே போகிறார்கள்.

அடியில் ஓட்டை உள்ள தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். குழாய் ஒரே அளவில்தான் கொட்டுகிறது. நீர் மட்டம் ஏற ஏற அழுத்தம் கூடி, ஓட்டை வழியாகப் போவதும் கூடுகிறது. கணக்கில் 5 ஆயிரம் பேர் இருந்தபோது 5 சதவீதம் என்றால் 250 பேர். 1,200 வந்து 250 போனால் 950 மிச்சம், அது ‘செம வளர்ச்சி’. 24 ஆயிரத்தில் அதே 5 சதவீதம் 1,200 பேர். வருவதும் போவதும் சமம். 1,200-ஐ 0.05-ஆல் வகுத்துப் பாருங்கள், 24 ஆயிரம் வரும். உங்கள் கணக்கின் உச்சவரம்பு முதல் நாளிலிருந்தே அதுதான்.

அப்படியென்றால் ஒரே வருடத்தில் அந்த உச்சிக்கு எப்படிப் போனீர்கள்? எட்டாம், ஒன்பதாம் மாதங்களில் இரண்டு ரீல் வைரலாகி 15 ஆயிரம் பேரைக் கொண்டுவந்தன என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அவை இல்லையென்றால் வருடக் கடைசியில் 11 ஆயிரத்தில் இருந்திருப்பீர்கள், இன்றும் மெதுவாக ஏறிக்கொண்டிருப்பீர்கள், இந்தக் கடிதமும் வந்திருக்காது. வைரல் உங்களை நேராக உத்தரத்தில் கொண்டுபோய் இடித்துவிட்டது, அவ்வளவுதான்.

சரி, போகிறவர்கள் யார்? வைரலில் வந்த கூட்டம் மட்டும் கலைகிறது என்றால் விலகுபவர் எண்ணிக்கை மாதாமாதம் நன்றாகக் குறைந்திருக்க வேண்டும். உங்களுடையது கிட்டத்தட்ட அசையவே இல்லை. அப்போது வழக்கமான பதிவுகளில்தான் கோளாறு. ஒவ்வொரு ரீலின் Insights-இலும் அந்த ரீல் எத்தனை Follows கொண்டுவந்தது என்று இருக்கும். நீங்கள் அனுப்பிய பட்டியலில் முதல் பத்தும் செல்போனில் படமெடுப்பது பற்றியவை, சில எட்டு மாதப் பழசு. ஆனால் ஆரம்பத்திலிருந்தே நீங்கள் போடுவதில் பாதி, பெரிய கேமரா, லென்ஸ் பற்றியது. செல்போன் ரீலைப் பார்த்து உள்ளே வந்தவருக்கு லென்ஸ் ஒப்பீட்டைக் காட்டினால் இரண்டு வாரம் பொறுப்பார், அப்புறம் போய்விடுவார்.

மூன்று மாதம் கேமரா பதிவுகளை நிறுத்திவைத்து, விலகுபவர்களை மட்டும் கவனியுங்கள். மாதம் 960-க்கு இறங்கினால் 4 சதவீதம், உச்சவரம்பு 30 ஆயிரமாகிவிடும். விலகுவதை அப்படியே விட்டு வரவை 1,500 ஆக்கினாலும் அதே 30 ஆயிரம்தான், ஆனால் இங்கே முதல் வழிதான் சுலபம். இறங்கவே இல்லையென்றால் என் ஊகம் தப்பு, மறுபடி எழுதுங்கள். ஒரு எச்சரிக்கை: 24-லிருந்து 30-க்கு உடனே தாவமாட்டீர்கள். 4 சதவீதக் கணக்கில் அந்தத் தூரத்தில் பாதியைக் கடக்கவே ஒன்றரை வருடம் போல ஆகும். ஆறே மாதத்தில் ‘ஒன்றும் நடக்கவில்லை’ என்று மறுபடி அல்காரிதத்தைத் திட்டாதீர்கள்.

ஷேடோபேன் ஆகிவிட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

செட்டிங்ஸில் Account Status போய்ப் பாருங்கள். உங்கள் பதிவுகளை ஃபாலோ செய்யாதவர்களுக்குப் பரிந்துரைக்கலாமா, கூடாதா என்று அதிலேயே இருக்கும். கூடாது என்றால் எந்தப் பதிவால் என்றும் காட்டும், நீக்கலாம் அல்லது முறையிடலாம். எல்லாம் பச்சையாக இருந்தால் அந்தப் பேச்சை விட்டுவிடுங்கள். அடுத்தவர் வீடியோவை எடுத்துப் போடுபவராக இருந்தால் மட்டும் கவலைப்படுங்கள். சொந்தச் சரக்கு அல்லாததைத் திரும்பத் திரும்பப் போடும் கணக்குகளைப் பரிந்துரையிலிருந்து விலக்கப்போவதாக 2024 ஏப்ரலில் இன்ஸ்டாகிராம் அறிவித்துவிட்டது.

விலகுபவர்கள் கூடவில்லை. புதிதாக வருபவர்கள்தான் பாதியாகிவிட்டார்கள்.

கேள்வியிலேயே இரண்டையும் பிரித்துக் காட்டிவிட்டீர்கள், நன்றி. அடுத்து, எந்த இடத்தில் பாதியானது என்று பாருங்கள். ஃபாலோ செய்யாதவர்களிடம் போன ரீச்சும் பாதியானால் கோளாறு பதிவில். அந்த ரீச் அப்படியே இருந்து ஃபாலோ மட்டும் குறைந்தால் கோளாறு ப்ரொஃபைலில், அல்லது ரீலுக்கும் ப்ரொஃபைலுக்கும் பொருத்தம் இல்லை. நீங்கள் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டில் ரீச்தான் விழுந்திருக்கிறது. இன்ஸ்டாகிராம் தலைவர் ஆடம் மொசேரி 2025 ஜனவரியில் சொன்னது: பார்க்கும் நேரம், லைக், மற்றவருக்கு அனுப்புவது, இந்த மூன்றும் முக்கியம். ஃபாலோ செய்யாதவர்களிடம் போக, லைக்கைவிட அனுப்புவதற்குக் கொஞ்சம் எடை அதிகம். உங்கள் பழைய ரீல்களையும் புதியவற்றையும் லைக்கில் ஒப்பிட்டிருக்கிறீர்கள். ஆயிரம் ரீச்சுக்கு எத்தனை பேர் அனுப்பினார்கள் என்று மறுபடி ஒப்பிடுங்கள்.

தினம் ஒன்றுக்குப் பதில் மூன்று போடலாமா?

விலகுபவர் எண்ணைப் பார்க்காமல் போடாதீர்கள்.

பரிசுப் போட்டி நடத்தினேன், 3 ஆயிரம் பேர் வந்தார்கள். அதன் பிறகு வளர்ச்சியே இல்லை.

பரிசுக்காக வந்தவர்கள் வெளியேறிக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் போய் முடிகிறவரை உங்கள் எண்களை நம்பவேண்டாம்.

வியூஸ் இரண்டு மடங்காகியிருக்கிறது, ஃபாலோயர் மட்டும் ஏறவில்லை. முரணாக இல்லையா?

முரண் இல்லை. ஒரே ஆள் ஐந்து முறை பார்த்தால் ஐந்து வியூஸ், ரீச் ஒன்றுதான். அதோடு, நீங்கள் கூட்டியிருக்கும் கணக்கில் யூடியூப் ஷார்ட்ஸும் இருக்கிறது. 2025 மார்ச் 31 முதல் அங்கே ஷார்ட்ஸ் ஓட ஆரம்பித்தாலே வியூ, எவ்வளவு நேரம் பார்த்தார் என்ற நிபந்தனையே இல்லை. அந்தத் தேதிக்கு முன்னும் பின்னும் உள்ள எண்களை ஒரே வரைபடத்தில் போட்டால் யாருக்கும் வளர்ச்சி தெரியும். இன்ஸ்டாகிராமின் ரீச்சை மட்டும் தனியாக எடுத்து, அதையும் ஃபாலோ செய்பவர், செய்யாதவர் என்று பிரித்து அனுப்புங்கள்.