மிட்டனின் கட்டை விரலில்தான் வித்தியாசம் தெரியும்

கேள்வி: மிட்டன் பின்ன மேஜிக் லூப் நல்லதா, இருபக்கமும் கூரான ஊசிகள் நல்லதா? எதை வாங்கலாம்?

உங்கள் கையில் கம்பளி நூல் தயாராக இருக்கிறது, ஊசிதான் பாக்கி என்று நினைக்கிறேன். உள்ளங்கைக்கு, நீண்ட வட்ட ஊசியின் கேபிளை மடித்து இழுத்துப் பின்னும் மேஜிக் லூப். கட்டை விரலுக்கு 15 செ.மீ. நீளமுள்ள, இருபக்கமும் கூரான மூங்கில் ஊசிகள். நான் இப்படித்தான் பின்னுகிறேன்.

டொராண்டோ குளிருக்காக எங்கள் வீட்டில் எல்லோருக்கும் நான் பின்னும் மிட்டனையே கணக்காகச் சொல்கிறேன். நடுத்தரப் பருமன் நூல், 4 மி.மீ. ஊசி, பத்து செ.மீ.க்கு 20 கண்ணி. பெரியவர் கைக்கு 40 கண்ணி போடுவேன். 80 செ.மீ. வட்ட ஊசியில் அதை இருபது இருபதாகப் பிரித்தால் உள்ளங்கை ஒரு பாதி, புறங்கை ஒரு பாதி. நுனியில் இரு ஓரமும் குறைக்கும்போது, எங்கே குறைப்பது என்று தனியாக அடையாளம் வைக்க வேண்டியதில்லை. பேருந்தில் பின்னினாலும் ஊசி உருவி விழாது.

அப்புறம் கட்டை விரல். தனி நூலில் நிறுத்தி வைத்த 13 கண்ணியோடு இடைவெளியில் 3 எடுத்தால் 16. எட்டுச் செ.மீ. சுற்றளவுள்ள சின்னக் குழாய் அது. இதை மேஜிக் லூப்பில் பின்னினால் எட்டுக் கண்ணிக்கு ஒருமுறை கேபிளை இழுக்க வேண்டும். பின்னும் நேரத்தைவிட இழுக்கும் நேரம்தான் அதிகம். கேபிள் விறைப்பாக இருந்தால் இரு மடிப்பிலும் ஓரக் கண்ணிகளை அகட்டிவிடும். அந்த இடத்தில் ஏணிப்படி போல நெட்டுக்குத்தாக ஓர் இடைவெளி விழும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் உடனே தெரியும். காற்று நுழைவது அந்த வழியாகத்தான்.

அதனால் அந்த 16 கண்ணியை மூன்று ஊசியில் 5, 5, 6 என்று வைத்து நான்காவதால் பின்னுங்கள். இதிலும் ஊசி மாறும் மூலைகளில் ஏணி விழலாம். புது ஊசியில் முதல் கண்ணியை மட்டும் இறுக்கினால் போதாது. இரண்டாவதைப் பின்னியதும் நூலை ஒருமுறை இழுத்துவிடுங்கள். வழுவழுப்பான உலோக ஊசியில் கண்ணி நழுவும், மூங்கில் பிடித்துக்கொள்ளும்.

மேஜிக் லூப்பிலேயே கட்டை விரலையும் அழகாக முடிப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் செய்வது தவறு என்று நான் சொல்லவில்லை. மெல்லிய, வளையும் கேபிள் இருந்தால் அவர்கள் சொல்வதும் சரிதான். கடையில் பெரும்பாலும் 20 செ.மீ. ஊசியை எடுத்து நீட்டுவார்கள். கட்டை விரலுக்கு அது நீளம். முனை உள்ளங்கையில் குத்தும். 15 தான் வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள்.

இன்னொன்றையும் சொல்லியே ஆக வேண்டும். "கடையில் பத்து டாலருக்குக் கிடைக்குதே, இதுக்கு ஏன் இவ்வளவு மெனக்கெடுறீங்க?" என்று கேட்கும் உறவினர்களே டிசம்பர் பிறந்ததும் பிள்ளைகளுக்கு இரண்டு ஜோடி கேட்கிறார்கள். நூல் காசையாவது கொடுக்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றுவதில்லை. அது எனக்கு உண்மையாகவே வலிக்கிறது.

குழந்தை மிட்டன் என்றால் கட்டை விரலுக்குப் பத்துப் பன்னிரண்டு கண்ணிதான் வரும். அதற்கு மேஜிக் லூப்பை நினைக்கவே வேண்டாம்.