கால் ரெக்கார்டிங் கேட்டு வங்கிக்கு எழுதிய கடிதம்

கேள்வி: போனில் நான் சம்மதித்ததாகச் சொல்லி கார்டில் பணம் பிடித்துவிட்டார்கள். அந்த காலின் ரெக்கார்டிங்கைக் கேட்டு எப்படி எழுதுவது? கொடுப்பார்களா?

உங்களுடையதும் கிரெடிட் கார்டுதான் என்று நினைக்கிறேன். நான் வக்கீல் இல்லை, எனக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

ஆயுள் முழுக்கக் கட்டணமே இல்லை என்று கொடுத்த கார்டு. ஒருநாள் போன் வந்தது. "லிமிட் ஏத்தித் தர்றோம் சார்" என்றார் ஒரு பெண். சரி என்றேன். அடுத்த பில்லில் பார்த்தால் கார்டே வேறு ரகமாகிவிட்டது. ஆண்டுக் கட்டணம் 2,999 ரூபாய், 18 சதவீத ஜிஎஸ்டியோடு 3,538.82. கேட்டால், "நீங்கதான் ஒத்துக்கிட்டீங்க, ரெக்கார்டிங் இருக்கு." போட்டுக் காட்டுங்கள் என்றால் "இன்டர்னல் பாலிசி" என்றார்கள். (ஒழுங்காகக் காது கொடுத்துக் கேட்டிருக்கணும் என்று கமென்ட் போட வருபவர்களே, கார்டை மாற்றுகிற பேச்சையே அந்தம்மா எடுக்கவில்லை.)

இதைப் போனில் பேசித் தீர்க்க முடியாது. தமிழுக்கான எண்ணை அழுத்தினாலும் இந்தியில் பேசுகிற ஆளிடம்தான் போய் நிற்கிறது, அந்த எண் எதற்கு வைத்திருக்கிறார்களோ. வங்கியின் குறைதீர் அதிகாரிக்கு மெயில் அனுப்புங்கள். அதற்கு முன் உங்கள் போனில் அந்த கால் பதிவான இடத்தை ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். தேதி, நேரம், அவர்கள் எண், எவ்வளவு நேரம் பேசினீர்கள் என்பதெல்லாம் கடிதத்தில் வரவேண்டும். வெறுமனே "போன மாதம் ஒரு கால்" என்றால், தேடினோம் கிடைக்கவில்லை என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள்.

நான் எழுதிய முக்கியமான வரிகள் இவை: "இந்த அழைப்பின் ஒலிப்பதிவை, வணக்கம் சொன்னதிலிருந்து போனை வைத்தது வரை வெட்டாமல் தரவும். எழுதி எடுத்த வடிவம் போதாது. உங்களுக்காகப் பேசிய ஏஜென்சியிடம் பதிவு இருந்தாலும் வாங்கித் தரவும். புகார் முடியும்வரை அதை அழிக்கக் கூடாது." வெட்டாமல் என்பதை விட்டுவிடாதீர்கள். நடுவில் நீங்கள் "ஆமா" சொன்ன துண்டை மட்டும் வைத்துக்கொண்டு எதை வேண்டுமானாலும் நிரூபிக்கலாம்.

கூடவே ரிசர்வ் வங்கியின் கார்டு விதிகளைச் சேர்த்தேன். பில்லை மறுத்தால் 30 நாளுக்குள் விளக்கமும், பொருந்தும் இடத்தில் ஆவண ஆதாரமும் தரவேண்டும் என்கிறது அது. ரெக்கார்டிங் என்று பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லைதான். ஆனால் அவர்களுடைய ஒரே ஆதாரம் அதுதானே? எழுத்து அல்லது டிஜிட்டல் சம்மதம் இல்லாமல் கார்டை உயர்த்திக் கட்டணம் பிடித்தால், திருப்பிக் கொடுப்பதோடு அதைப்போல் இரண்டு மடங்கு அபராதமும் தரவேண்டும் என்றும் இருக்கிறது.

பதில் வந்தது: "சம்மதம் பெறப்பட்டுள்ளது." ரெக்கார்டிங் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அந்தப் பதிலையும் என் கடிதத்தையும் சேர்த்து cms.rbi.org.in தளத்தில், வங்கிகள் மேலான புகார்களை விசாரிக்கிற ரிசர்வ் வங்கி ஒம்புட்ஸ்மேனுக்குப் புகார் போட்டேன். (30 நாளில் பதிலே வராவிட்டாலும் அங்கே போகலாம்.) அப்புறம் பணம் கார்டுக்குத் திரும்ப வந்தது, "நல்லெண்ண அடிப்படையில்" என்று குறிப்போடு. ரெக்கார்டிங் இன்றுவரை வரவில்லை. அபராதம் பற்றி மூச்சே விடவில்லை, அதற்கு அடுத்த கடிதம் போயிருக்கிறது.