மாத்திரை மறைத்த காய்ச்சல்

வணக்கம் சார். அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய். 21 நாளைக்கு ஒருமுறை கீமோ, முதல் சுற்று முடிந்திருக்கிறது. போட்ட அன்று நன்றாகத்தான் இருந்தார், மூன்றாம் நாள் வாந்தி பிடித்துக்கொண்டது. நேற்று 11-ஆம் நாள். ரத்தப் பரிசோதனையில் மொத்த வெள்ளையணு 1,800, அதில் நியூட்ரோஃபில் 25 சதவீதம் என்று வந்திருக்கிறது. எதைக் கொடுத்தால் அணு ஏறும் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். அம்மா நாள் முழுக்கப் படுத்தே இருக்கிறார். அப்பா 'எழுந்து நட' என்கிறார், நான் 'படுத்திருக்கட்டுமே' என்கிறேன். உங்கள் அக்காவைப் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டதாக முன்பு எழுதியிருந்தீர்கள். நாங்கள் என்னதான் செய்வது?

அன்புள்ள தம்பிக்கு,

அந்த 25 சதவீதத்தில் இருந்து தொடங்குகிறேன். 1,800-இல் கால் பங்கு 450. உங்கள் அம்மாவுக்கு இப்போது முக்கியமான எண் இதுதான், 1,800 அல்ல. கிருமியை முதலில் எதிர்கொள்ளும் வெள்ளையணு நியூட்ரோஃபில். அது 500-க்குக் கீழே போனால், வெளியிலிருந்து கிருமி வரவே வேண்டாம், நம் வாயிலும் குடலிலும் சும்மா இருக்கும் கிருமிகளே ரத்தத்துக்குள் நுழைந்துவிடலாம். பயப்படச் சொல்லவில்லை. கீமோ வேகமாகப் பெருகும் செல்களை அடிக்கிறது, வெள்ளையணுவை உண்டாக்கும் எலும்பு மஜ்ஜையும் அப்படிப் பெருகுவதுதான். அதனால் பெரும்பாலான மூன்று வாரச் சுற்றுகளில் இரண்டாவது வாரத்தை ஒட்டி எண்ணிக்கை அடிமட்டத்துக்கு வரும், மூன்றாவது வாரத்தில் மஜ்ஜை தானாக மீளும். உங்கள் அம்மா இருப்பது அந்த அடிமட்டத்தில்.

இதை நான் கற்றுக்கொண்டது ஒரு தவறு செய்து. அக்காவுக்கு இரண்டாவது சுற்றின் ஒன்பதாம் நாள். மதியம் "உடம்பெல்லாம் வலிக்குதுடா" என்றாள். வீட்டில் இருந்த பாராசிட்டமால் ஒன்றைக் கொடுத்தேன். நாலு மணி நேரம் நன்றாகத் தூங்கினாள், எனக்கோ பெரிய வைத்தியம் செய்துவிட்ட திருப்தி. இரவு ஏழரைக்கு இரண்டு போர்வைக்குள்ளும் பல் கிட்டியது. தெர்மாமீட்டர் 101.6 காட்டியது. மதியமே காய்ச்சல் தொடங்கியிருக்கிறது, மாத்திரை அதை மூடி மறைத்துவிட்டது.

நியூட்ரோஃபில் குறைந்தவருக்கு நோய்த்தொற்று வந்தால் வழக்கமான அடையாளங்கள் சரியாகத் தெரியாது. சீழ் என்பதே பெரும்பாலும் செத்த நியூட்ரோஃபில்தான். அணுவே இல்லையென்றால் சீழ் ஏது? சிவப்பு, வீக்கம், சளி எல்லாமே அடக்கமாக இருக்கும். காய்ச்சல்தான் பல சமயம் ஒரே சமிக்ஞை. அதையும் மாத்திரையால் அணைத்துவிட்டால் வீட்டில் இருப்பவருக்கு ஒன்றும் புரியாது. அதனால் இந்த நாட்களில் எந்த வலிக்கும் பாராசிட்டமால் தருவதற்கு முன் காய்ச்சல் பாருங்கள், டாக்டரிடம் கேளுங்கள்.

இரண்டாவது தவறு மருத்துவமனை வாசலில். "காய்ச்சல்" என்று மட்டும் சொன்னேன், டோக்கன் கொடுத்து உட்கார வைத்துவிட்டார்கள். ஒரு மணி நேரத்துக்கும் மேல் போய்விட்டது. "கீமோ போட்டு ஒன்பதாம் நாள், காய்ச்சல்" என்று சொல்லியிருந்தால் காட்சியே வேறு. இப்படி வருபவருக்கு ஒரு மணி நேரத்துக்குள் நரம்பு வழியாக ஆன்டிபயாடிக் ஏற்ற வேண்டும் என்பதுதான் மருத்துவர்கள் வைத்திருக்கும் இலக்கு. அக்காவுக்கு அன்று நியூட்ரோஃபில் 200. ஐந்து நாள் உள்ளே இருந்தாள், அடுத்த கீமோ ஒரு வாரம் தள்ளிப்போனது. அதன்பிறகு ஒவ்வொரு சுற்றிலும் கீமோ முடிந்து ஒரு நாள் கழித்து, மஜ்ஜையைத் தூண்டும் ஊசி போட்டார்கள். அது இடுப்பெலும்பிலும் முதுகிலும் வலியைக் கொடுக்கும், முன்பே சொல்லிவிட்டால் ஆள் பயப்படமாட்டார். உங்கள் அம்மாவுக்கு அது தேவையா என்று அடுத்த சுற்றுக்கு முன் கேளுங்கள்.

அப்புறம் நாங்கள் ஒரு நோட்டு வைத்தோம். தேதி எழுதவில்லை, "9-ஆம் நாள், காலை 98.2, மாலை 98.8" என்று சுற்றின் நாளைத்தான் எழுதினோம். 100.4 வந்தால் மறுநாள் பார்க்கலாம் என்ற பேச்சே இல்லை, எந்த ராத்திரியானாலும் போன், உடனே கிளம்புவது. காய்ச்சல் இல்லாமல் குளிர் நடுக்கம் வந்தாலும் அதேதான். தெர்மாமீட்டர் வாயிலோ அக்குளிலோ போதும், ஆசனவாயில் வைக்கக்கூடாது. சூடாக எதையாவது குடித்த உடனே வாயில் வைத்தால் கணக்குத் தவறும்.

அணு ஏற்றும் உணவு? அப்படி எதுவும் கிடையாது. ஆளுக்கொன்று சொல்பவர்கள் அன்பில்தான் சொல்கிறார்கள், ஆனால் மஜ்ஜை தன் நேரத்தை எடுத்துக்கொள்ளும். நன்றாக வேகவைத்த, அன்றே சமைத்த உணவு, கழுவிய கை, இவ்வளவுதான் நம் பங்கு. பிடிக்காததை "அணு ஏறும்" என்று திணித்தால் குமட்டல்தான் ஏறும்.

மூன்றாம் நாள் வாந்தி விஷயத்தில் எனக்கு ஒரு சந்தேகம். வீட்டுக்குக் கொடுத்தனுப்பிய வாந்தி மாத்திரைகளை அம்மா சாப்பிட்டாரா? கீமோ அன்று நரம்பில் ஏற்றும் மருந்து முதல் நாள் வாந்தியைத்தான் நன்றாகத் தடுக்கும். இரண்டாம் நாள் முதல் ஐந்தாம் நாள் வரை வருவது வேறு வழியில் தாமதமாக வரும் குமட்டல், வீட்டு மாத்திரைகள் அதற்காகத்தான். அக்கா "நல்லாத்தானே இருக்கேன், எதுக்கு?" என்று இரண்டாம் நாளே நிறுத்திவிட்டாள். குமட்டல் வந்தபின் போடும் மாத்திரை பாதி வாந்தியோடே வெளியே வந்துவிடும். எழுதித் தந்த நாட்கள் முழுக்க, குமட்டல் இல்லாவிட்டாலும், நேரம் தவறாமல் கொடுங்கள். வாந்திக்குத் தரும் ஆன்டன்செட்ரான் மலச்சிக்கல் தரும், அதுவே வயிற்றைப் பிரட்டும், அதையும் கவனியுங்கள். இதையெல்லாம் செய்தும் வாந்தி நிற்கவில்லை என்றால் அடுத்த சுற்றுக்கு முன்பே சொல்லுங்கள், மருந்தை மாற்ற வழியுண்டு. ராத்திரி ஒரு ஓலன்சபின் எழுதித் தரலாம். தாளைப் படித்துவிட்டு "இது மனநோய் மாத்திரையாச்சே" என்று பதறாதீர்கள், குறைந்த அளவில் குமட்டலுக்கும் கொடுப்பார்கள். தூக்கம் தரும். ஒரு நாள் முழுக்கத் தண்ணீர்கூடத் தங்கவில்லை, சிறுநீர் குறைந்துவிட்டது என்றால் மட்டும் வீட்டில் வைத்துக்கொண்டு பார்க்காதீர்கள்.

சோர்வில் அப்பா பக்கம்தான் சாய்கிறேன், முழுக்க அல்ல. இந்தச் சோர்வு தூங்கினால் தீராது, படுக்கையிலேயே இருந்தால் தசை இன்னும் இளைக்கும். ஆனால் 'எழுந்து நட' என்று மிரட்டியும் பயனில்லை. அக்காவுக்குக் காலை பத்திலிருந்து பதினொன்றரை வரை கொஞ்சம் தெம்பு இருக்கும், இது நோட்டிலிருந்துதான் தெரிந்தது. அந்த நேரத்தில் பத்து நிமிடம் வீட்டுக்குள் நடப்பாள், குளிப்பதை மாலைக்குத் தள்ளினோம், குளியலறையில் ஒரு ஸ்டூல் போட்டோம். கீமோவோடு சில நாள் தரும் ஸ்டீராய்டு மாத்திரை நின்றதும் நான்காம் ஐந்தாம் நாளில் ஆள் தொப்பென்று விழுவாள், அந்த நாட்களில் நடக்கச் சொல்லவே மாட்டோம். மூச்சு வாங்குவதும் தலைசுற்றலும் இருந்தால் அது வெறும் சோர்வாக இல்லாமல் ஹீமோகுளோபின் குறைந்ததாகவும் இருக்கலாம், பரிசோதனைத் தாளில் அந்த வரியையும் பாருங்கள்.

இன்று 12-ஆம் நாள். அந்த 450-ஐக் கீமோ போடும் டாக்டர் பார்த்தாரா என்று இப்போதே போனில் கேட்டுவிடுங்கள். அதற்கு முன் ஒருமுறை அம்மாவுக்குத் தெர்மாமீட்டர் வையுங்கள்.