குமிழுக்குள் அடங்காத வாக்கியம்

மதிப்பிற்குரிய ஐயா,

உள்ளூர் ஓவியர் ஒருவரின் ஆங்கிலச் சித்திரக்கதையை அவர் அனுமதியோடு தமிழாக்குகிறேன். ஒரு பக்கத்தில் சிக்கிக்கொண்டேன். இரவு, அடுக்குமாடி வீட்டு வாசல், நாலு கட்டம். முதலாவதில் பூட்டில் சாவி. இரண்டாவதில் அக்கா, பெரிய குமிழுக்குள் சின்ன எழுத்தில், ‘அம்மாவிடம் சொல்லவில்லை’ என்று தொடங்குகிறாள். மூன்றாவதில் தம்பியின் முகம் மட்டும். அக்காவின் குரல் வெளியிலிருந்து ஒரு சின்னக் குமிழில் வந்து, ‘அப்பா கடிதம் எழுதியதை’ என்று முடிக்கிறது. இரும்புக் கதவு அறையும் ஓசை அந்தக் கட்டத்தின் ஓரத்தில் தொடங்கி, பக்கத்திலுள்ள நான்காவதுக்குள் ஓடுகிறது. என் தமிழ் குமிழிலும் அடங்கவில்லை, படித்தால் அதிர்வும் இல்லை. எங்கே பிசகு?

மீ., தெம்பனிஸ்

அன்புள்ள மீ.,

குமிழைப் பிறகு பார்ப்போம். பிசகு வாக்கியத்தில் இருக்கிறது. முழு வாக்கியத்தையும் தமிழாக்கிவிட்டு இரண்டாக வெட்டியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். தமிழில் வினை கடைசியில் வருவதால் ‘அப்பா கடிதம் எழுதியதை’ இரண்டாம் கட்டத்துக்கும் ‘அம்மாவிடம் சொல்லவில்லை’ மூன்றாவதுக்கும் போய்விடும். அப்போது தம்பி திடுக்கிடுவது அக்கா மறைத்ததற்காக என்று ஆகிறது. ஓவியர் வரைந்திருப்பதோ அப்பாவைப் பற்றிய செய்தியைக் கேட்ட முகம். அந்த முகத்துக்கு மேலே எந்தச் சொல் நிற்க வேண்டும் என்பதைப் படம் தீர்மானித்துவிட்டது. அதை நாம் மாற்ற முடியாது.

ஆகவே ஒரு வாக்கியத்தை இரண்டாக்குங்கள். இரண்டாம் கட்டத்தில் ‘அம்மாகிட்ட சொல்லல…’, மூன்றாவதில் ‘…அப்பா கடிதம் போட்டாரு.’ ‘அம்மாவுக்குத் தெரியாது’ என்று போட்டாலும் வரிசை நிற்கும், ஆனால் மறைத்தவள் அக்கா என்பது போய்விடும். மூன்றாம் குமிழின் தொடக்கப் புள்ளிகளை எடுத்துவிடாதீர்கள். பேசுபவர் கட்டத்துக்குள் இல்லை. குமிழின் வால் வெளியே நீள்வதும் இந்தப் புள்ளிகளும் சேர்ந்துதான் அது அக்காவின் குரல் என்று காட்டுகின்றன.

இப்போது குமிழ். பெரிய குமிழில் சின்ன எழுத்து என்றால் குரல் தாழ்ந்திருக்கிறது என்று பொருள். இடம் காலியாக இருக்கிறதே என்று எழுத்தைப் பெரிதாக்கினால் அக்கா சாதாரணமாகப் பேசுகிறவள் ஆகிவிடுவாள். சின்னக் குமிழில் ஆபத்து வேறு. இடம் போதவில்லை என்று எழுத்தைச் சுருக்கினால் அங்கேயும் அவள் முணுமுணுக்கத் தொடங்கிவிடுவாள். சொல்லைக் குறையுங்கள், எழுத்தைக் குறைக்காதீர்கள். ‘எழுதியிருக்கிறார்’ அந்த அகலத்தில் உடைந்துதான் நிற்கும். உடைந்த சொல் திக்கிப் பேசுவதுபோல் படிக்கும். ‘அப்பா / கடிதம் / போட்டாரு’ என்று மூன்று வரியில் அடங்கும். ஆங்கிலப் பெரிய எழுத்துகளுக்கு வைத்த வரி இடைவெளி நமக்குப் போதாது. மேல் வரியின் ‘டு’, ‘மு’ கீழ்வரியின் புள்ளியிலும் ‘டி’யின் மேல்விலங்கிலும் போய் இடிக்கும். அதனால் ஆங்கிலத்தில் நாலு வரி நின்ற இடத்தில் தமிழுக்கு மூன்று என்றே கணக்குப் போடுங்கள்.

கதவு ஓசைக்கு ‘படார்’ வேண்டாம், அது மரக்கதவு. நம் வீட்டு வாசல் இரும்புக் கிராதி அறைந்த பிறகும் கொஞ்சம் அதிரும். ‘டணாங்’ என்ற முடிவில் அந்த அதிர்வு இருக்கிறது. ஓசை மூன்றாம் கட்டத்திலேயே தொடங்குவதற்குக் காரணம் உண்டு: தம்பி இன்னும் திகைத்து நிற்கும்போதே அக்கா போய்விடுகிறாள். முழு ஓசையையும் நான்காவதுக்குள் தள்ளினால் இடையில் ஒரு மௌனம் புகுந்து, அவள் யோசித்துவிட்டுப் போனதுபோல் ஆகிவிடும். எனவே ‘ட’ மூன்றாவதில், ‘ணாங்’ நான்காவதில். கட்ட இடைவெளி ‘ண’வுக்கும் அதன் காலுக்கும் நடுவே விழக் கூடாது. எழுத்து போதாமல் அகலம் மிஞ்சினால் ‘டணாஆங்’ என்று நீட்டலாம். ‘ங்’ தலையிலுள்ள புள்ளி கிராதிக் கம்பியில் மறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஓவியரிடம் அடுக்கு பிரிந்த கோப்பைக் கேளுங்கள். ஓசை எழுத்து தனி அடுக்கில் இருந்தால் வேலை சுலபம். ஒரே படமாகத் தந்தால் எழுத்துக்கு அடியிலுள்ள கிராதியையும் சுவரையும் யாராவது வரைந்தாக வேண்டும். அதற்கு அவர் சம்மதிக்காவிட்டால் ஆங்கில ஓசை அப்படியே இருக்கட்டும். சிறிய ‘டணாங்’ ஒன்றை அது தொடங்கும் இடத்தில், அதாவது மூன்றாம் கட்டத்தின் ஓரத்தில் வையுங்கள். சாவிக்குச் சின்னதாக ‘சடக்’ போதும்.

பழைய போட்டோஷாப்பில் ‘போ’வின் இரட்டைக்கொம்பு எழுத்துக்குப் பின்னால் தாவினால் குறை எழுத்துருவில் இல்லை. Paragraph பலகையின் மெனுவில் World-Ready Layout என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

அச்சளவிலேயே ஒரு படி எடுத்து, ஆங்கிலம் படிக்காத ஒருவரிடம் கொடுத்து, கதவை அறைந்தது யார் என்று மட்டும் கேளுங்கள். ‘தம்பி’ என்றால் ‘ட’ அவன் முகத்தை ஒட்டி நிற்கிறது; ஓரத்துக்கு இன்னும் தள்ளுங்கள்.